பாதியில் நிறுத்திய மருந்துச் சோதனையின் பலன் ஏன் ஊதிப்போகிறது?

கேள்வி: "பலன் தெளிவாகத் தெரிந்ததால்தானே சோதனையை முன்கூட்டியே நிறுத்துகிறார்கள்? பிறகு அந்த எண்ணை ஏன் நம்பக் கூடாது?"

மருந்து வேலை செய்கிறது என்பதைப் பெரும்பாலும் நம்பலாம். எவ்வளவு என்பதில்தான் சிக்கல்.

ஒரு மருந்து மரண அபாயத்தை உண்மையில் 25% குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரு குழுக்களிலும் சேர்த்து 400 மரணங்கள் வரை தொடரத் திட்டம். 200 மரணங்களில் ஒரு இடைக்கால ஆய்வு. சோதனையை எப்போது முன்கூட்டியே நிறுத்தலாம் என்று சொல்லும் ஓபிரையன்-ஃபிளெமிங் விதிப்படி, அங்கே நிறுத்த இசட் மதிப்பு, அதாவது தெரியும் வித்தியாசம் வழக்கமான தற்செயல் ஏற்ற இறக்கத்தைப் போல எத்தனை மடங்கு என்ற எண், சுமார் 2.8 வேண்டும். 200 மரணங்களை வைத்துக்கொண்டு அதைத் தொட, அபாயக் குறைவு குறைந்தது 33% என்று தெரிய வேண்டும். அதாவது உண்மையான 25% அப்படியே தெரிந்தால் சோதனை நிற்காது! தற்செயல் மருந்துக்குச் சாதகமாக அடித்தால் மட்டுமே நிற்கும். இப்படிப்பட்ட நூறு சோதனைகளில் 22 போல நிற்கும். அவை ஒவ்வொன்றும் 33 அல்லது அதற்கு மேல்தான் அறிவிக்கும்.

நிறுத்தாமல் விட்டால் என்ன ஆகும்? பிரிட்டனின் ஏஎம்எல்12 ரத்தப் புற்றுநோய்ச் சோதனையில், கூடுதலாக ஒரு சுற்று கீமோ மரண வாய்ப்பை 53% குறைப்பதாக இடையில் தெரிந்தது. கண்காணிப்புக் குழு நம்பாமல் தொடரச் சொன்னது. கடைசியில் வித்தியாசமே இல்லை.

ஆகவே அறிக்கையைப் படிக்கும்போது மரணங்களின் எண்ணிக்கையை முதலில் பாருங்கள். அது எவ்வளவு குறைவோ, ஊதல் அவ்வளவு அதிகம்.