பார்வை சரி, இடப்பக்கம் மட்டும் ஏன் தவறுகிறது?

கேள்வி: அப்பாவுக்கு 3 மாதம் முன்பு மூளையின் வலது பக்கத்தில் ஸ்ட்ரோக் வந்தது. கண் டாக்டர் பார்வையில் குறையில்லை என்கிறார். ஆனால் கட்டம் மின்னி நட்சத்திரம் வரும் கம்ப்யூட்டர் டெஸ்டில், இடது நட்சத்திரத்துக்குச் சில முறை சட்டென்று பட்டனை அழுத்துகிறார், சில முறை ரொம்பத் தாமதம். அவர் மறுபடி ஸ்கூட்டர் ஓட்டலாமா?
வாசகி, திருமங்கலம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். காரணம் நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது.

இடது கட்டம் மின்னி, நட்சத்திரமும் இடதிலேயே வந்தபோது அப்பா 510 மில்லி செகண்டில் அழுத்தியிருக்கிறார். வலது கட்டம் மின்னி வலதில் வந்தால் 470. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதாவது இடப்பக்கத்தை அவரால் கவனிக்க முடிகிறது. இடது மின்னி வலதில் வந்தபோது 550. மின்னும் கட்டம்தான் குறி; அது ஏமாற்றினால் யாருக்குமே கொஞ்சம் தாமதமாகும். வலது மின்னி நட்சத்திரம் இடதில் வந்தபோதுதான் 880.

மைக்கேல் போஸ்னரும் சகாக்களும் 1984இல் பெரைட்டல் பகுதி, அதாவது உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் உள்ள மூளைப் பகுதி, பாதிக்கப்பட்டவர்களிடம் கண்டது இதே அமைப்பைத்தான். கவனத்தை ஓரிடத்துக்குக் கொண்டுபோவது அவர்களுக்குப் பெரும்பாலும் முடிந்தது. நல்ல பக்கத்தில் ஒட்டிக்கொண்ட கவனத்தை அங்கிருந்து விடுவிப்பதுதான் சிரமமாக இருந்தது. பெரைட்டலும், காதையொட்டிய டெம்பொரல் பகுதியும் சேருமிடத்தில், குறிப்பாக வலது மூளையில், அடிபட்டாலும் இப்படி ஆகும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. எதிர்பாராத இடத்தில் ஒன்று தோன்றினால் கவனத்தை அங்கே இழுப்பதில் அந்த இடத்துக்குப் பெரிய பங்குண்டு.

இனி ரோட்டை நினைத்துப் பாருங்கள். வலப்பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்து முந்துகிறது. அதே நொடியில் இடது சந்திலிருந்து ஒரு பையன் சைக்கிளில் வருகிறான். அந்த 880 வந்த சூழ்நிலை இதுவேதான். டெஸ்டில் அவர் ஒரு நட்சத்திரத்துக்காகக் காத்திருந்தார். ரோட்டில் அந்த வசதியும் கிடையாது.

இந்த ஒரு டெஸ்டை வைத்தே முடிவு கட்டவும் கூடாது. இத்தகைய டெஸ்டுகளில் வழக்கமாக 100க்கு 80 முறை குறி சரியாக இருக்கும், 20 முறைதான் ஏமாற்றும். அந்த 20உம் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும். மிகக் குறைந்த முறைகளின் சராசரி என்றால், அவர் அசந்துபோன ஓரிரு தடவையே எண்ணை ஏற்றிவிடும். டெஸ்ட் முழுக்கக் கண் திரையின் நடுப்புள்ளியில் நின்றதா என்பதும் முக்கியம். பார்வை முன்பே வலதுக்குப் போயிருந்தால் இந்த 880க்கு அர்த்தமே வேறு. இரண்டையும் டெஸ்ட் எடுத்தவரிடம் கேளுங்கள்.

வீட்டில் அந்த 510ஐப் பயன்படுத்துங்கள். இடப்பக்கம் முன்கூட்டியே குறி கொடுத்தால் அவருக்கு வருகிறது. சாப்பிடும்போது இலையின் இடது ஓரத்தை அவர் கையாலேயே தொடவைத்து, "இங்கேயிருந்து பாருங்கப்பா" என்று சொல்லுங்கள். உப்பும் ஊறுகாயும் அங்கேதான் இருக்கும். பேப்பர் படிக்கும்போது இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, ஒவ்வொரு வரியையும் அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வலப்பக்கம் டி.வி. ஓடக்கூடாது. ஸ்கூட்டர் பேச்சை எடுப்பதற்கு முன் இந்த டெஸ்டைத் திரும்ப எடுத்து, நரம்பியல் டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி, ரோட்டிலும் தகுந்தவர் சோதித்துப் பார்க்கட்டும்.