பில் ஒன்று, சிஸ்டம் ஒன்று: சரக்குக் கட்டணம் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: எஸ்ஏபியில் நாங்கள் கணக்கிடும் சரக்குக் கட்டணத்தைவிட டிரான்ஸ்போர்ட்காரர் பில் இரண்டரை மடங்குக்கும் மேல் வருகிறது. கிலோவுக்கு இவ்வளவு என்ற ரேட் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஒரு பில்லையும் ஒப்பந்தத்தையும் இணைத்திருக்கிறேன். இவர் ஏமாற்றுகிறாரா?

பதில்: கொஞ்சம் ஏமாற்றுகிறார். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

ரேட் மாறாமல் தொகை மாறினால் எடையைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பியது 40 அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றும் 60 × 50 × 40 செ.மீ., எடை 9 கிலோ. உங்கள் சிஸ்டம் 40 × 9 என்று பெருக்கி 360 கிலோவுக்குக் கட்டணம் போட்டிருக்கிறது. அவர் பில்லில் 960 கிலோ. இது தராசில் வந்த எடை இல்லை, பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றிய கணக்கு. வால்யூமெட்ரிக் எடை என்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 1,20,000 கன செ.மீ. அதை 5000-ஆல் வகுத்தால் பெட்டிக்கு 24 கிலோ, 40 பெட்டிக்கு 960. லேசான பெரிய பெட்டிகள் வண்டியை நிரப்பிவிட்டால் அவரால் வேறு சரக்கு ஏற்ற முடியாது. அதனால் நிஜ எடை, இட எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு கேட்பது நியாயமான வழக்கம்தான்.

இப்போது உங்கள் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்துக்கு வாருங்கள். வகுக்க வேண்டிய எண் 6000 என்று உங்கள் கையெழுத்தோடு இருக்கிறது. அப்படியானால் பெட்டிக்கு 20 கிலோ, மொத்தம் 800. அவர் 160 கிலோ கூடுதலாகப் போட்டிருக்கிறார், அதை விடாதீர்கள். ஆனால் உங்கள் சிஸ்டம் 440 கிலோ குறைவாகப் போட்டிருக்கிறதே, அதற்கு யாரிடம் சண்டை போடுவது? "360-க்குத்தான் தருவோம்" என்று ஆரம்பித்தால் சரியான 160-ஐயும் சேர்த்து இழப்பீர்கள்.

சிஸ்டம் ஏன் தவறியது என்பதுதான் பல வருடங்களாக என்னை எரிச்சலூட்டும் விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். மெட்டீரியல் மாஸ்டரில் எடையை எல்லோரும் நிரப்புகிறார்கள். கன அளவை யாரும் நிரப்புவதில்லை, ஏனென்றால் அதைக் காலியாக விட்டாலும் டெலிவரி போகிறது, வண்டி கிளம்புகிறது, எந்தப் பிழைச் செய்தியும் வருவதில்லை. "இரண்டில் அதிகமானதை எடு" என்ற விதி உங்கள் சிஸ்டத்திலும் ஒழுங்காகத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. கன அளவு பூஜ்யம் என்றால் இட எடையும் பூஜ்யம். 360-ம் பூஜ்யமும் மோதினால் 360 ஜெயிக்கும். விதி சரி, விடை தவறு. இதை விற்றவர்களும் நிறுவியவர்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரிபார்ப்பது எளிது. VI03-இல் அந்த ஷிப்மென்ட் காஸ்ட் ஆவணத்தைத் திறந்து, கண்டிஷன் திரையில் கணக்குக்கு அடிப்படையாக எந்த அளவு எடுக்கப்பட்டது என்று பாருங்கள். அது நிஜ எடையோடு எப்போதும் துல்லியமாக ஒத்துப்போனால் சந்தேகப்படுங்கள். அப்புறம் உங்கள் ஐடி ஆட்களிடம் இதை ஓட்டச் சொல்லுங்கள்:

```sql
SELECT matnr, meinh, brgew, laeng, breit, hoehe, volum
FROM marm
WHERE volum = 0
```

பட்டியல் நீளமாக வரும், மயங்க வேண்டாம். அதிகம் அனுப்பும் பொருட்களிலிருந்து தொடங்கினால் போதும். ஆனால் பொருளை அளக்காதீர்கள், பெட்டியை அளங்கள். ஒரு பெட்டியில் 12 பொருள் இருந்தால் அந்தப் பன்னிரண்டின் கன அளவைக் கூட்டினாலும் பெட்டியின் வெளி அளவு வராது. நடுவில் இருக்கும் காற்றுக்கும் டிரான்ஸ்போர்ட்காரர் காசு வாங்குகிறார். அதனால் பெட்டி என்ற அளவு அலகுக்கே தனியாக நீள அகல உயரத்தையும் கன அளவையும் பதிய வேண்டும். கூடவே அந்த டெலிவரிகளைப் பெட்டிக் கணக்கில் போடுகிறீர்களா என்றும் பாருங்கள்.

இன்னொன்று: டெலிவரி உருவாகும்போதே எடையும் கன அளவும் மாஸ்டரிலிருந்து நகலெடுக்கப்பட்டுவிடும். இன்று மாஸ்டரைத் திருத்தினால் நேற்று போட்ட டெலிவரி தானாக மாறாது. திருத்திய அடுத்த நாளே "இன்னும் தப்பாகத்தான் வருகிறது" என்று எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: வழித்தடத் திட்ட மென்பொருள் விற்பவர் டெமோ காட்டினார். மிக அழகாக இருந்தது. இந்த மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி. போடலாமா?

பதில்: டெமோவில் ஓடியது உங்கள் டெலிவரிகளா, அவருடைய டெலிவரிகளா? அவருடையது என்றால் போடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் அனுப்பியது 450 கிலோ. பில்லில் 500 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். பகல் கொள்ளை. கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். சரிதானே?

பதில்: ரேட் அட்டையைப் படித்தீர்களா? நீங்களே அனுப்பிய அட்டைதான்: 500 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 10, 500-லிருந்து 8. 450-ஐ 10-ஆல் பெருக்கினால் 4500. 500-ஐ 8-ஆல் பெருக்கினால் 4000. அடுத்த படியில் போட்டால் உங்களுக்கு மலிவு என்பதால் அப்படிப் போட்டிருக்கிறார்கள். இதற்கு பிரேக் வெயிட் என்று பெயர். இந்த அட்டையில் 400 கிலோவைத் தாண்டி 500-க்குக் கீழே இருக்கும் எந்த லோடுக்கும் இது பொருந்தும். உங்கள் சிஸ்டத்திலும் இந்த ஒப்பீட்டை அமைக்கலாம், அமைக்காததால்தான் 4500 காட்டியிருக்கிறது. கறுப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: டிரான்ஸ்போர்ட் பில் எங்கள் கணக்கிலிருந்து 5 சதவீதம் வரை வேறுபட்டால் சிஸ்டமே பாஸ் செய்துவிடும். வேலை குறைந்தது. ஆனால் ஒரு டிரான்ஸ்போர்ட்காரரின் எல்லா பில்லும் 4 சதவீதத்துக்கு மேல், 5-க்குக் கீழ் வருகிறது என்று ஆடிட்டர் சொல்கிறார். தற்செயலாக இருக்குமா?

பதில்: இருக்காது. உங்கள் ஆடிட்டரைப் பாராட்ட வேண்டும்.

நேர்மையான பிழை இரண்டு பக்கமும் விழும். தராசு ஒருமுறை கூடக் காட்டும், ஒருமுறை குறையக் காட்டும், தூரம் சில கிலோமீட்டர் முன்பின் இருக்கும். டிரான்ஸ்போர்ட்காரர் வாரியாக வேறுபாட்டு சதவீதத்தை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒருவருடைய பில்கள் பூஜ்யத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் சிதறியிருந்தால் கவலை இல்லை. எல்லாமே மேல்பக்கம், அதுவும் எல்லைக்குச் சற்றுக் கீழே குவிந்திருந்தால் உங்கள் எல்லை எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பெரும்பாலும் நம் ஆட்களே "5-க்கு மேல் போனால் மாட்டிக்கொள்ளும்" என்று பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார்கள்.

சதவீத எல்லையை மட்டும் குறைப்பதில் பயனில்லை, 3 வைத்தால் 2.9-க்கு வருவார். மூன்று மாற்றங்கள் செய்யுங்கள். சதவீதத்தோடு ஒரு தொகை எல்லையும் வையுங்கள், பெரிய பில் நழுவாது. மொத்தத்தை மட்டும் ஒப்பிடாமல் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கூடுதல், காத்திருப்பு ஆகியவற்றைத் தனித்தனி வரியாகப் பொருத்துங்கள். மாத முடிவில் ஒவ்வொருவரின் வேறுபாட்டையும் கூட்டிப் பாருங்கள்: தனி பில்லில் 4 சதவீதம் அற்பம், மாதக் கூட்டலில் அது நிகரமாக ஒரே பக்கம் நின்றால் பேச உட்காருங்கள்.

கேள்வி: திட்டமிடும் கருவி ஒரு வண்டிக்கு 12 இடம் போடுகிறது. டிரைவர்கள் 8-க்கு மேல் முடியாது என்கிறார்கள். டிரைவர்கள் சோம்பேறிகளா, கருவி தப்பா?

பதில்: டிரைவரைச் சந்தேகிக்கும் முன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறக்கும் நேரம் எவ்வளவு என்று கருவியில் பாருங்கள். பூஜ்யமாக இருக்கும். ஒரு நிறுத்தத்துக்கு 25 நிமிடம் என்றாலே 12-க்கு 5 மணி நேரம் ஆகிறது. அந்த 5 மணி நேரம் கருவிக்குத் தெரியாது. நானும் இப்படி ஒன்றை வாங்கியிருக்கிறேன். விற்றவர் ஓட்டிக் காட்டிய திரையில் இறக்கும் நேரம் இருந்தது, எங்களுக்குக் கொடுத்ததில் அது காலி. கேட்டபோது "நீங்கள்தான் நிரப்ப வேண்டும்" என்றார். அந்த வரிக்காகவே ஒரு பயிற்சிக் கட்டணமும் வாங்கினார்.

அடுத்து, தூரம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். வரைபடச் சேவை இணைக்கப்படாவிட்டால் பல கருவிகள் இரண்டு புள்ளிக்கு நடுவே நேர்கோடு போட்டு ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக்கொள்ளும். நடுவில் ஆறு இருந்தாலும் கோடு தாண்டிவிடும், வண்டி பாலத்துக்குச் சுற்றிப் போக வேண்டும். வழக்கமான 10 வழிகளின் ஓடோமீட்டர் தூரத்தையும் கருவியின் தூரத்தையும் பக்கத்தில் வைத்தால் அரை மணியில் தெரிந்துவிடும்.

கேள்வி: எஸ்/4ஹானா வாங்கினால் டிரான்ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம் என்றார் ஆலோசகர். இப்போது ஆப்டிமைசருக்குத் தனி லைசென்ஸ் என்கிறார்.

பதில்: பாதி உண்மையைச் சொல்லி விற்றிருக்கிறார். 1709 வெளியீட்டிலிருந்து டிஎம் உள்ளே இருக்கிறது, உண்மை. ஆனால் அடிப்படைப் பயன்பாடும் மேம்பட்ட பயன்பாடும் வேறு வேறு, தானியங்கி ஆப்டிமைசர் இரண்டாவதில் வருகிறது. முதலில் சொன்னதை மின்னஞ்சலில் எழுதியிருந்தால் அதை வைத்துப் பேரம் பேசுங்கள். உங்கள் மேல் தப்பில்லை.

கேள்வி: உங்களுக்குக் கடிதம் எழுதும் மற்றவர்களுக்கு நான் எதிர்ப்பக்கம். நாலு வண்டி வைத்திருக்கிறேன். பெரிய வாடிக்கையாளர் நான் பில் அனுப்ப வேண்டாம், அவர்கள் சிஸ்டமே கணக்குப் போட்டுப் பணம் அனுப்பும் என்றார்கள். அவர்கள் கிடங்கு வாசலில் 6 மணி நேரம் காத்திருந்ததற்கு ஒரு பைசாவும் வருவதில்லை.

பதில்: உங்கள் பக்கம்தான் நான். அது சுய பில்லிங். அவர்கள் ஒப்பந்தத்தில் என்னென்ன கட்டண வகை இருக்கிறதோ அதை மட்டும்தான் சிஸ்டம் கூட்டும். காத்திருப்புக்கு வரியே இல்லையென்றால் நீங்கள் வாசலில் எத்தனை மணி நேரம் நின்றாலும் கணக்கில் பூஜ்யம்தான். அடுத்த புதுப்பித்தலில் இலவச நேரம் எவ்வளவு, அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு என்று தனிக் கட்டணமாக எழுதி வாங்குங்கள். கூடவே வந்த நேரம், வெளியேறிய நேரம் இரண்டையும் யார் பதிவது என்றும் எழுதுங்கள். அவர்கள் கேட் பதிவு மட்டும் போதாது, வண்டி உள்ளே விடப்பட்ட நேரத்தைத்தான் அங்கே வந்த நேரமாக எழுதுவார்கள், வெளியே வரிசையில் நின்றது காணாமல் போகும். உங்கள் ஜிபிஎஸ் நேரமும் ஏற்கப்படும் என்று ஒரு வரி சேருங்கள்.

இதுவரை போனதற்கு, டெலிவரி எண் வாரியாக ஜிபிஎஸ் நேரத்தோடு ஒரே பட்டியலாக எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டது எந்த சிஸ்டத்திலும் பதிவாகாது.