கோவிஷீல்டு தடுப்பூசி முகாமில் கடைசி மருந்துக் குப்பியை எப்போது திறப்பது?

கேள்வி: 2021 முகாம்களில் 100 பேருக்கு ஸ்லாட் கொடுத்தும் மருந்து வீணானது ஏன்? நேரில் வந்தவர்களை எப்படிச் சேர்த்திருக்க வேண்டும்?

ஒரு வயலில், அதாவது மருந்துக் குப்பியில், 10 டோஸ். திறந்த 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீந்தால் கொட்டத்தான் வேண்டும். பதிவு செய்த சிலர் வராமல் போவார்கள், அதனால் 100 ஸ்லாட்டுக்கு 10 வயல் என்ற கணக்கு காகிதத்தில்தான் சரி.

மதியம் 3 மணிக்கு 63 பேர் வந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஆறு வயல் காலி, மூன்று பேர் காத்திருக்கிறார்கள். உடனே ஏழாவதைத் திறந்தால் ஏழு டோஸ் ஆபத்தில். முதலில் பதிவு செய்தும் வராதவர்களுக்கும், அடுத்து முதல் டோஸுக்குப் பின் 84 நாள் கடந்தும் இரண்டாம் டோஸ் போடாத பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் போன் போடுங்கள். பிறகு பதிவில்லாமல் வந்தவர்களுக்கு டோக்கன். ஏழெட்டுப் பேர் சேர்ந்ததும் திறந்து, நேரத்தை வயல் மேலேயே எழுதிவிடுங்கள். 84 நாள் ஆகாதவரைக் கூப்பிட்டுப் பயன் இருந்திருக்காது, தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் அப்போது ஏற்கவில்லை. ஆனால் முகாம் முடியும் நேரத்திலும் மூன்று பேர்தான் என்றால், தயங்காமல் திறந்துவிடுங்கள். திருப்பி அனுப்பினால் அவர்கள் மறுபடி வருவது சந்தேகமே.