தவில் அடி விழுந்ததும் பதிவு ஏன் உடைகிறது? கேள்வி-பதில்

அக்கா மகள் திருமணத்தில் போனில் பதிவு செய்த நாதஸ்வரமும் தவிலும் கரகரக்கின்றன. வேறு போன் வாங்கலாமா?

வேண்டாம். டிஜிட்டல் பதிவுக்கு 0 டெசிபல் என்றொரு கூரை உண்டு. அதற்கு மேல் எழும் ஒலியை எழுத எண்ணே கிடையாது என்பதால் அலையின் நுனி தட்டையாக வெட்டப்படுகிறது. நீங்கள் கேட்கும் கரகரப்பு அதுதான். மேளக்காரரை உரத்து வாசிக்கச் சொல்லி, அளவுகாட்டியின் உச்சம் மைனஸ் 12 அருகே நிற்குமாறு அளவைக் குறையுங்கள். மீதமுள்ள 12 டெசிபல், எதிர்பாராமல் விழும் தவில் அடிக்கான இடம். அளவை மாற்றும் வசதி போனில் இல்லையென்றால் தள்ளி நில்லுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். எதிரொலிக்கும் மண்டபத்தில் அவ்வளவு குறையாது.

உடைந்த பதிவை மென்பொருளால் சரிசெய்ய முடியுமா?

அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டுப்பட்ட நுனிகளை ஊகித்து வரையும். கச்சேரி முழுதும் உடைந்திருந்தால் பணத்தை வீணாக்காதீர்கள்.

“எந்த மிக்சரிலும் மாட்டலாம்” என்று சொல்லி ரெக்கார்டர் விற்றார்கள். அளவைக் குறைத்தும், காட்டி பாதியைக்கூடத் தொடாமலே குரல் உடைகிறது. கடைக்காரர் திருப்பி வாங்க மறுக்கிறார்.

உங்கள் மீது தவறில்லை. இந்தப் பொய்யை நம்பி நானே அடுத்தடுத்து இரண்டு ரெக்கார்டர்களைப் பழுதென்று ஒதுக்கி, மூன்றாவதையும் வாங்கியிருக்கிறேன். மிக்சரிலிருந்து வருவது ஒரு வோல்ட் அளவிலான லைன் சிக்னல். மைக் துளையோ வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கையே எதிர்பார்க்கிறது. பல கருவிகளில் அளவுக் குமிழுக்கு முன்பே ஒரு பெருக்கிச் சுற்று இருக்கிறது. அலை அங்கேயே உடைந்துவிடுவதால், பிறகு குமிழைத் திருப்புவது உடைந்த அலையைச் சிறிதாக்குமே தவிர ஒட்ட வைக்காது. பதிவைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். நுனிகள் கூரைக்குக் கீழே, பாதி உயரத்திலேயே தட்டையாக இருந்தால் இதுவே காரணம். மெனுவில் உள்ளீட்டை ‘லைன்’ என மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால், சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் கேபிளை இடையில் மாட்டுங்கள். கடைக்காரரின் வாக்குறுதி ரசீதிலோ வாட்ஸ்அப்பிலோ இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யுங்கள்.

32-பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினேன். அளவே பார்க்க வேண்டாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. செண்டை மேளம் அப்படியும் உடைகிறது.

பெட்டியின் முன்பக்கத்தோடு படிப்பை நிறுத்திவிட்டீர்கள். கோப்பில் எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் மைக் தாங்கும் ஒலியழுத்தத்துக்கு எல்லை உண்டு. அது 120 டெசிபல் என்று குறிப்பேட்டில் இருந்தால், செண்டைக்கு ஓரடி தூரத்தில் மைக்கே உடைந்த அலையைத்தான் அனுப்பும். அதை ரெக்கார்டர் மிகத் துல்லியமாகப் பதிவு செய்து தரும். மைக்கைப் பத்தடி தள்ளி வையுங்கள்.