இடம் மாறியதைச் சொல்லும் ஒரு பக்கக் குறிப்பு

"முனைவர் பட்ட முன்னேற்ற அறிக்கையின் வரிசையையே மாற்றிவிட்டேன். ஆய்வுக் குழுவுக்கு அனுப்பும்போது கூடவே சின்னக் குறிப்பு ஒன்று வைக்கச் சொல்கிறார் நெறியாளர். அதில் என்ன எழுதுவது?"

குழுவினர் பழைய அறிக்கையைப் படித்து, ஓரத்தில் குறித்தும் வைத்திருப்பார்கள். "நான் கேள்வி கேட்ட பகுதி எங்கே போயிற்று?" என்றுதான் முதலில் தேடுவார்கள். அதற்கு ஒரு பக்கத்துக்குள் பதில் சொன்னால் போதும்.

மண் ஈரப்பத உணரிகள் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். பழைய அறிக்கை வேலை நடந்த வரிசையில் இருந்தது, புதியது ஆய்வுக் கேள்விகளின் வரிசையில் இருக்கிறது. குறிப்பில் ஒரு பத்தி இப்படி வரலாம்:

"பின்னிணைப்பு ஆ-வில் இருந்த அளவுத்திருத்தம் இப்போது 2.3-ஆம் பகுதி. களிமண்ணில் உணரிகள் உண்மை ஈரப்பதத்தைவிடக் கூடுதலாகக் காட்டின. இயல் 3, 4 இரண்டின் முடிவுகளும் அந்தத் திருத்தத்தைச் சார்ந்தவை என்பதால் அதை முன்னால் வைத்தேன். வாசகம் மாறவில்லை. 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்திய மாதிரிகளின் அட்டவணை மட்டும் புதிது."

இதில் காரணம் ஆய்வுக்குள்ளிருந்தே வருகிறது. "ஓட்டம் சீராக இருப்பதற்காக" என்று எழுதினால் அதை எந்தப் பகுதிக்கும் ஒட்டிவிடலாம், குழுவுக்கு அதனால் ஒன்றும் தெரியாது.

வாசகம் மாறியதா இல்லையா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். வேர்டில் பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டு அனுப்பினால் போதாதா என்று தோன்றும். பெரிய பகுதிகளை நகர்த்தியிருந்தால், ஒரு எழுத்துகூட மாறாத பத்தியும் ஓரிடத்தில் அழித்து இன்னோரிடத்தில் சேர்த்தது போலக் காட்டக்கூடும். பக்கமெல்லாம் வண்ணமாகி, உண்மையில் திருத்திய நாலு வரி அதில் காணாமல் போய்விடும். அதனால் திருப்பி எழுதியது எது, அப்படியே நகர்ந்தது எது என்று நீங்களே பிரித்துச் சொல்வதுதான் அவர்கள் நேரத்தை மிச்சப்படுத்தும்.

அப்புறம், நான் மிகவும் வலியுறுத்துவது இதுதான். மணற்பாங்கான நிலத்தைப் பற்றிய இரண்டாவது கேள்வியையே கைவிட்டிருக்கிறீர்கள் என்றால், அது இடமாற்றம் அல்ல, ஆய்வின் எல்லையே மாறுகிறது. அதை "2.4, 3.1-உடன் இணைக்கப்பட்டது" என்று நடுவில் செருகக் கூடாது. முதலில் நெறியாளரிடம் பேசுங்கள். குறிப்பில் தனிப் பத்தியாக, ஏன் விட்டீர்கள், எடுத்த தரவு என்ன ஆகும், குழுவிடம் ஒப்புதல் கேட்கிறீர்களா என்று நேராக எழுதுங்கள். துறை விதிப்படி அதற்குத் தனி விண்ணப்பம்கூடத் தேவைப்படலாம்.

அறிக்கையை முழுதாக முடித்த பிறகு குறிப்பை எழுதுங்கள். பக்க எண்ணைவிடப் பகுதி எண்ணைக் கொடுப்பது நல்லது, ஒரு படம் சேர்ந்தாலே பக்கங்கள் நகர்ந்துவிடும். படம், அட்டவணை எண்கள் மாறியிருந்தால் பழைய எண்ணையும் பக்கத்தில் போடுங்கள். குழுவின் பழைய கருத்துகள் பெரும்பாலும் அந்த எண்களைச் சொல்லித்தான் இருக்கும்.