ஆக்சுவலி எப்போது அர்த்தத்தோடு வரும், எப்போது பழக்கத்தில் வரும்?

கேள்வி: ஆங்கிலம் பேசும்போது வெல், ஆக்சுவலி, டு பி ஆனஸ்ட் எல்லாம் போடலாமா? எப்போது அது வெறும் பழக்கம் என்று தெரிந்துவிடும்?

தாராளமாகப் போடலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த வேலை இல்லாத இடத்தில் வந்தால் பழக்கம் என்று தெரிந்துவிடும். சில சமயம் தப்பான அர்த்தமும் கொடுத்துவிடும்.

போன மாதம் அக்கா மகனுக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு நேர்காணல். முந்தின வாரம் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவனுக்கு ஆங்கிலம்தான், அதனால் இலக்கணத்தில் குறையில்லை. இரண்டு நிமிடம் பேசியதைப் போனில் பதிவு செய்து கேட்டோம். ஒன்பது ஆக்சுவலி! "இத்தனை தடவையா சொன்னேன், மாமா?" என்றான்.

கேட்பவர் ஒன்றை நினைத்திருக்க, உண்மை வேறாக இருக்கும்போது ஆக்சுவலி வர வேண்டும். "நீங்க டர்பன்தானே?" என்று கேட்டால், "ஆக்சுவலி, பீட்டர்மரிட்ஸ்பர்க்" என்பது சரி. அவனோ "ஆக்சுவலி, எனக்கு எக்செல் நன்றாகத் தெரியும்" என்றான். தெரியாது என்று யாரும் சொல்லவே இல்லையே! நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனாலும் தெரியும் என்பதுபோல அது கேட்டது.

வெல் இன்னும் நுட்பமானது. பதில் நேராக வராது, கொஞ்சம் வளைந்துதான் வரும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். "லைசென்ஸ் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு "வெல், யெஸ்" என்றால், எதிரே இருப்பவர் அடுத்து ஒரு 'ஆனால்' வரும் என்று காத்திருப்பார். அங்கே வெறும் யெஸ் போதும். "சனிக்கிழமை வர முடியுமா?" என்பது வேறு. காவடி சமயத்தில் அவனுக்குக் கோயில் வேலை இருக்கும், மற்ற வாரங்களில் வரலாம். அந்தப் பதிலுக்கு வெல் பொருத்தமாக இருந்தது, விட்டுவைத்தோம்.

டு பி ஆனஸ்ட் என்பது சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு முன்னால் வருவது. முந்தைய வேலையை ஏன் விட்டாய் என்ற கேள்விக்குச் சரி. "டு பி ஆனஸ்ட், எனக்குக் குழுவாக வேலை செய்யப் பிடிக்கும்" என்பதில் தயங்க என்ன இருக்கிறது?

கண்டுபிடிக்க ஒரு வழி: பதிவை எழுத்தில் இறக்கி, அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் படியுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் அது பழக்கம். எந்தக் கேள்வி வந்தாலும் ஒரே சொல்லில் பதில் தொடங்கினாலும் அப்படித்தான். யோசிக்க நேரம் பிடிக்க எப்போதாவது வந்தால் பரவாயில்லை. என் அம்மா தமிழில் பேசும்போது "வந்து..." என்று இழுப்பார், பெயரோ தேதியோ நினைவுக்கு வராதபோதுதான் அது வரும். அதனால் யார் காதிலும் உறுத்தியதில்லை.

அக்கா மகனிடம் ஆக்சுவலி சொல்லாதே என்று நான் தடுக்கவில்லை. தடுத்தால் அந்த இடத்தில் "யூ நோ" வந்து உட்கார்ந்துகொள்ளும். கேள்வி முடிந்ததும் வாயை மூடி ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பேசு என்றேன். நான்காவது பதிவில் இரண்டு ஆக்சுவலிதான். அதில் ஒன்று பீட்டர்மரிட்ஸ்பர்க்.