ஒரே பிரீமியம், ஒரே பாலிசி: எங்கே உடைகிறது?

கேள்வி: ஆபத்து அதிகமுள்ளவர், குறைவாக உள்ளவர் எல்லோருக்கும் சராசரி பிரீமியத்தில் ஒரே பாலிசி கொடுத்தால் போட்டிச் சந்தையில் ஏன் நிற்காது?

இழப்பு வந்தால் 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேருக்கு அது வரும் வாய்ப்பு 10%, மீதிப் பேருக்கு 30%. யார் எந்த ரகம் என்று கம்பெனிக்குத் தெரியாது. முழு இழப்பீட்டுக்குச் சராசரி பிரீமியம் 20,000. சரி, வரவும் செலவும் பொருந்துகின்றன.

இப்போது போட்டிக் கம்பெனி ஒன்று, 80,000 மட்டும் தரும் பாலிசியை 15,500-க்கு விற்கிறது. பிரீமியத்தில் 4,500 மிச்சம். விட்டுக்கொடுக்கும் 20,000-இன் சராசரி மதிப்பு, ஆபத்து குறைந்தவருக்கு 2,000தான்; ரொம்பப் பயந்த சுபாவம் இல்லையென்றால் மாறிவிடுவார். மற்றவருக்கு அது 6,000, அதனால் அசையமாட்டார். புதிய கம்பெனிக்கு ஆளுக்குச் சராசரியாக 7,500 லாபம். பழையதோ, 20,000 வாங்கிக்கொண்டு சராசரியாக 30,000 கொடுக்க வேண்டும். கடையை மூட வேண்டியதுதான்.

பொருளாதார அறிஞர்கள் ரோத்ஸ்சைல்டும் ஸ்டிக்லிட்ஸும் 1976-இல் காட்டியது இதைத்தான். அவர்கள் கணக்கில், சமநிலை, அதாவது எந்தப் புதிய பாலிசியாலும் உடைக்க முடியாத நிலை, இருந்தால் அது ரகத்துக்கு ஒன்றாக இரண்டு தனிப் பாலிசிகளாகத்தான் இருக்கும். ஆபத்து குறைந்தவருக்கு அரைகுறைக் காப்பீடுதான். ஆபத்து அதிகமுள்ளவர்கள் மிகச் சிலரே என்றால் அந்த ஜோடியும் நிற்காது: எல்லோரையும் சேர்க்கும் மலிவான பாலிசி அதை உடைக்கும், அப்புறம் அதையும் இன்னொன்று உடைக்கும்.